ஊர் முழுதும் வடிகட்டிய தண்ணீர்: நரம்புச் சிலந்தி நோய் போன கதை

பெங்களூருவின் புறநகர்ப் பகுதி எதுவாயினும், காலை ஆறு மணிக்கு ஒரே காட்சியைக் காணலாம். தெருமுனையில் தகரக் கூரையிட்ட சுத்திகரிப்பு நிலையம். அதன் முன் இருபது லிட்டர் கேன்களுடன் வரிசை. நாணயம் போட்டால் கேன் நிறையும். கையில் காசில்லாதவர் குழாயில் எப்போதோ வருவதை, அல்லது டேங்கர் லாரி ஊற்றிவிட்டுப் போவதைக் குடிப்பார். சுத்தமான தண்ணீர் என்பது வாங்கக்கூடியவர் வாங்கிக்கொள்ளும் சரக்கு என்ற எண்ணம் இந்த வரிசையில் நின்று நின்றே நமக்குப் பழகிவிட்டது.

இதே பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய மைசூர் சமஸ்தானத்தின் பொதுச் சுகாதாரத் துறை, 1930களில் வேறொரு விதமாக வடிகட்டுவதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தது. சித்ரதுர்கா மாவட்டக் கிராமங்களில் மனிதரின் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த ஒரு புழுவைப் பற்றியது அந்தச் சிந்தனை. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத அந்த நோய், இந்திய மண்ணிலிருந்து 1996-ல் முற்றாக அகன்றது. அதை அகற்றிய வழியை நுணுகிப் பார்ப்பது, இன்று தண்ணீரைப் பற்றி நாம் நடத்தவேண்டிய விவாதத்திற்கு மிகவும் பயன்படும்.

புழுவின் ஓராண்டுக் கணக்கு

மருத்துவ நூல்கள் டிராகன்குலியாசிஸ் என்றும், கினிப் புழு நோய் என்றும் இதைக் குறிப்பிடுகின்றன. தமிழில் இதற்கு நெடுங்காலமாக நரம்புச் சிலந்தி என்று பெயர். சிலந்தி என்ற சொல் இங்கே பூச்சியைக் குறிக்கவில்லை. கொப்புளம், புண் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. புண்ணிலிருந்து நரம்பு போல ஒன்று வெளியே நீள்வதைக் கண்ட மக்கள் வைத்த பெயர் அது. கன்னடத்தில் நாரு ஹுண்ணு, அதாவது நார்ப்புண் என்பார்கள்.

வெளியே நீள்வது ஒரு பெண் புழு. அதன் நீளம் அறுபது முதல் நூறு சென்டிமீட்டர் வரை இருக்கும். பருமன் தடித்த நூல் அளவுதான். பத்தில் ஒன்பது பேருக்கு முழங்காலுக்குக் கீழே, பாதத்திலோ கணுக்காலிலோ அது வெளிப்படும். முதலில் தோலில் ஒரு கொப்புளம் எழும். நெருப்பு வைத்தது போன்ற எரிச்சல். எரிச்சல் தாளாமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைப்பார். புழு காத்திருந்ததும் அந்தத் தருணத்திற்காகத்தான். தண்ணீர் பட்டவுடன் கொப்புளம் உடைந்து, புழு பால் போன்ற ஒரு திரவத்தை வெளியேற்றும். அதில் லட்சக்கணக்கான இளம்புழுக்கள் இருக்கும்.

இந்த இளம்புழுக்களை மனிதர் அப்படியே குடித்துவிட்டால் நோய் வராது. நோயைப் புரிந்துகொள்வதற்கும் ஒழிப்பதற்கும் திறவுகோல் இந்த ஒரு செய்தியில் உள்ளது. தண்ணீரில் விழுந்த இளம்புழுவுக்குச் சில நாட்களே ஆயுள். அதற்குள் ஒரு நீர்த்தெள்ளு அதை விழுங்க வேண்டும். நீர்த்தெள்ளு என்று நாம் சொல்லும் இந்தச் சிற்றுயிர் சைக்ளோப்ஸ் வகையைச் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அளவுடையது. கண்ணாடிக் குவளையில் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெட்டி வெட்டி நகரும் வெண்புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். ஓடும் ஆற்றில் இது தங்காது. குளம், குட்டை, படிக்கிணறு போன்ற தேங்கிய நீரில் பெருகும்.

நீர்த்தெள்ளின் உடலுக்குள் இளம்புழு இருமுறை தோலுரித்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மனிதரைத் தொற்றும் பருவத்தை அடைகிறது. அந்தத் தெள்ளு தண்ணீரோடு ஒருவர் வயிற்றுக்குள் போனால், இரைப்பையின் அமிலம் தெள்ளைக் கொன்று புழுவை விடுவித்துவிடும். புழு குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் நுழையும். மூன்று மாத அளவில் ஆணும் பெண்ணும் இணையும். ஆண் புழு மடியும். பெண் புழு தோலுக்கடியில் மெல்ல மெல்லக் காலை நோக்கி நகரும். இவ்வளவு காலமும் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. தண்ணீர் குடித்ததிலிருந்து பத்து முதல் பதினான்கு மாதங்கள் கழித்துத்தான் கொப்புளம் எழும்.

ஒரு கிராமத்தை மனத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் முதல் வாரம். கிணறு வற்றி, அடிப்படிகள் வரை இறங்கித்தான் குடத்தை நிரப்ப வேண்டும். கொப்புளத்தோடு ஒரு பெண் இறங்கி, கணுக்கால் அளவு நீரில் நின்று தண்ணீர் மொள்கிறார். மூன்றாம் வாரம் முடிவதற்குள் அந்தக் கிணற்றின் தெள்ளுகளில் தொற்றும் பருவப் புழுக்கள் தயாராகிவிடும். நீர் குறைந்திருப்பதால் தெள்ளுகளும் அடர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த ஆண்டு அதே கோடையில் புழு வெளிவரும். அவர்கள் அதே வற்றிய கிணற்றில் மறுபடியும் இறங்குவார்கள். புழுவின் ஓராண்டு ஆயுள் நமது பருவ சுழற்சியோடு இப்படிப் பொருந்திக்கொண்டிருந்தது. ஒருமுறை நோய் கண்டவருக்கு எதிர்ப்பு சக்தி உண்டாவதும் இல்லை. ஆண்டுதோறும் அவருக்கே வரலாம்.

வெளிவரும் புழுவை ஒரே இழுப்பில் இழுக்க முடியாது. ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே தங்கிய பகுதியால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். இரணஜன்னி வரும் ஆபத்தும் உண்டு. உழவுக்கும் அறுவடைக்கும் கூலி கிடைக்கும் நாட்களில் ஒரு விவசாயத் தொழிலாளி படுத்த படுக்கையாகக் கிடந்தால் அந்தக் குடும்பத்திற்கு ஆண்டு முழுதும் பசி. இந்நோய் ஆளைக் கொல்வது அரிது, கூலியைக் கொல்லும். அதனாலேயே ஆட்சியாளர்களின் மரணக் கணக்கேடுகளில் அது நெடுங்காலம் இடம்பெறவில்லை.

சித்ரதுர்காவின் கிணறுகள்

தெள்ளுக்கும் புழுவுக்கும் உள்ள உறவை முதலில் கண்டவர் ரஷ்ய அறிவியலாளர் அலெக்சேய் ஃபெட்சென்கோ. துருக்கிஸ்தானில் ஆய்வு செய்த அவர், 1870-ல் இளம்புழு சைக்ளோப்ஸுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டறிந்தார். ஆனால், கண்டுபிடிப்பு கிராமத்துக் கிணற்றை எட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மைசூர் சமஸ்தானத்தின் சுகாதாரத் துறையில் பணியாற்றிய வி.என்.மூர்த்தி, 1930களில் சித்ரதுர்கா மாவட்டத்தில் இந்நோயை ஊர் ஊராக ஆராய்ந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் சமஸ்தானத்தில் பணிபுரிந்த டபிள்யூ.சி.ஸ்வீட் அவருடன் இணைந்தார். இயற்கையாகக் கிணற்றில் வாழும் தெள்ளுகளிலேயே புழு இருப்பதை அவர்கள் காட்டினார்கள். தெள்ளுக்குள் புழு வளரும் கட்டங்களை மூர்த்தி விரிவாகப் பதிவு செய்தார். உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் பணி அது.

அவர்கள் 1936-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, தெள்ளுகளைத் தின்னும் பார்பஸ் இனச் சிறுமீன்களைக் கிணற்றில் விட்டு நோயைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றியது. மலிவானது, மக்களுக்குப் புரியக்கூடியது. ஆனால், அதன் எல்லையும் தெளிவு. கோடையில் கிணறு வற்றினால் மீனும் மிஞ்சாது. மறு ஆண்டு யாராவது மீண்டும் கொண்டுவந்து விட வேண்டும். படிகள் இருக்கும் வரை புண்பட்ட கால் நீருக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பட்டறிவு எடுத்துச் சொன்னது இதுதான்: நோயின் மூலம் கிணற்றின் கட்டுமானத்தில் இருக்கிறது, கட்டுமானத்தை மாற்றும் பொறுப்பு அரசினுடையது.

அதைச் செய்துகாட்டிய அரசு ஒன்று அப்போதே இருந்தது. மத்திய ஆசியாவின் புகாரா நகரத்தில் மக்கள் குடித்தது, ஹவுஸ் எனப்படும் படிகள் கொண்ட கல் குளங்களின் தேங்கிய நீரை. மருத்துவர் லியோனித் இசாயேவ் தலைமையில் சோவியத் அரசு அங்கே நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து சிகிச்சை தந்தது, குளங்களை வற்றடித்தது, குழாய் நீரைக் கொண்டுவந்தது. 1920களில் தொடங்கிய பணி 1930களின் தொடக்கத்தில் முடிந்தபோது, நூற்றாண்டுகளாக நிலைத்திருந்த நோய் புகாராவில் இல்லை. அதே காலத்தில் சித்ரதுர்காவில் அறிவு இருந்தது, ஆய்வாளர் இருந்தார், சமஸ்தானத்திடமும் அதன்மேல் அமர்ந்திருந்த காலனி ஆட்சியிடமும் ஒவ்வொரு கிணற்றையும் மாற்றிக் கட்டும் எண்ணம் இல்லை. சுதந்திரத்திற்குப் பிறகும் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கிராமங்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஒரு முழத் துணி செய்த வேலை

ஐக்கிய நாடுகள் சபை 1981 முதல் 1990 வரையிலான காலத்தைக் குடிநீர்ப் பத்தாண்டாக அறிவித்ததை ஒட்டியே இந்தியாவின் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் உருப்பெற்றது. தில்லியில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் அதை வழிநடத்தியது. 1984-ல் எடுத்த கணக்கில் ஏழு மாநிலங்கள், 89 மாவட்டங்கள், ஏறத்தாழ 13 ஆயிரம் கிராமங்கள், ஏறத்தாழ 40 ஆயிரம் நோயாளிகள் என்று தெரியவந்தது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவையே அந்த ஏழு மாநிலங்கள். தமிழ்நாடு எல்லோருக்கும் முன்பே, 1980களின் தொடக்கத்திலேயே நோயிலிருந்து விடுபட்டது. கர்நாடகத்தில் வட மாவட்டங்களின் வறண்ட கிராமங்கள் அதிகம் துன்புற்றன.

திட்டத்தின் கருவிகளில் மிக எளியது வடிகட்டும் துணி. அதை ஏன் நம்பலாம் என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. காலரா, டைபாய்டு கிருமிகள் துணியின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியவை. நரம்புச் சிலந்தியின் தொற்றும் பருவப் புழுவோ தெள்ளின் உடலுக்குள் மட்டுமே பயணம் செய்கிறது. தெள்ளைத் தடுத்தால் போதும், புழு நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் தெள்ளைத் தடுக்க, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு கண்ணுள்ள நைலான் வலைத்துணி தாராளமாகப் போதும். அது கிடைக்காத இடத்தில் இரண்டாக மடித்த நெருக்கமான பருத்தித் துணியே போதும். மின்சாரமும் எரிபொருளும் வேண்டாம். கொதிக்க வைத்தாலும் தெள்ளு சாகும். ஆனால், விறகுக்கே அலையும் வீட்டில் குடிநீர் முழுவதையும் கொதிக்க வைக்கச் சொல்வது வெறும் உபதேசமாகத்தான் முடியும்.

வங்கதேசத்தின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். அங்கே பழைய புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காலராக் கிருமிகளில் பெரும்பகுதி இதே தெள்ளுகளின்மேல் ஒட்டிக்கொண்டு வருவதே காரணம். ஆயினும் அந்தக் கிருமி தனியாகவும் வாழும். கை வழியாகவும் உணவு வழியாகவும் பரவும். எனவே அங்கே துணியால் பாதியைத்தான் தடுக்க முடிந்தது. நரம்புச் சிலந்திக்கு வேறு வழி கிடையாது என்பதால் இங்கே துணியால் முழுமையாகத் தடுக்க முடிந்தது.

துணியிலும் தவறு நேரும். வடிகட்டிய பிறகு மேல்பக்கத்தில் தெள்ளுகள் உயிரோடு தங்கியிருக்கும். மறுமுறை துணியைத் திருப்பிப் போட்டுக் கட்டிவிட்டால், ஊற்றும் தண்ணீர் அவற்றைக் கழுவி நேராகப் பானைக்குள் சேர்த்துவிடும். ஆகவே மேல்பக்கத்திற்கு அடையாளம் இட்டு, எப்போதும் அதே பக்கம் மேலிருக்கக் கட்ட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் துணியை மாற்ற வேண்டும். பருத்தித் துணி சேறு கலந்த நீரில் விரைவில் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் பொறுமையிழந்து துணியை எடுத்துவிட்டு ஊற்றுவார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டுப் பானையில் வடிகட்டியவர் வயலில் தாகமெடுத்தால் குட்டையில் கையால் அள்ளிக் குடிப்பார். ஆப்பிரிக்க நாடுகளில் இதற்காகவே, முனையில் வலை பொருத்திய உறிஞ்சு குழாயைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

துணிக்குப் பின்னால் நின்ற கைகள்

ஆகவே, துணி மட்டும் இந்நோயை ஒழிக்கவில்லை. சுகாதார ஊழியர்கள் ஆண்டுக்குப் பலமுறை வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடினார்கள். புழு தலைகாட்டியவரின் புண்ணைக் கட்டி, நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். தெள்ளுகளைக் கொல்ல டெமிபாஸ் என்ற மருந்து கிணறுகளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற மிகச் சிறிய அளவில் கலக்கப்பட்டது. தெள்ளுகள் மீண்டும் பெருகிவிடும் என்பதால் நோய் பரவும் பருவத்தில் அதை மாதத்திற்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கிணற்றின் கொள்ளளவைத் தவறாகக் கணக்கிட்டால், மருந்து குறைந்து தெள்ளு பிழைத்துக்கொள்ளும். நீளம், அகலம், ஆழம் அளந்து கணக்குப் போட்டுக் கலந்தவர்கள் பெயர் தெரியாத கடைநிலை ஊழியர்கள்.

நிலைத்த மாற்றத்தைத் தந்தது கட்டுமானப் பணி. படிக்கிணறுகளின் படிகளை மூடி, சுற்றுச்சுவர் எழுப்பி, கயிற்றால் இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். அடிபம்புகள் நிறுவப்பட்டன. கால் தண்ணீரைத் தொடாத கிணற்றில் புழு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டது. துணி என்பது கிணறு மாறும் வரை உயிர்காக்கும் இடைக்காலத் தடுப்பு. மாறிய கிணறு நிரந்தரத் தீர்வு. இரண்டும் சேர்ந்த இடங்களிலேயே எண்ணிக்கை சரிந்தது. 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். அதன் பிறகும் மூன்றாண்டுகளுக்கு மேல், நோய் பற்றிய வதந்தி எழுந்த இடத்திற்கெல்லாம் சென்று சரிபார்த்தார்கள். தகவல் தருபவருக்குப் பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பு இந்தியாவை நோயற்ற நாடாகச் சான்றளித்தது.

இந்த வெற்றியின் தருக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். புழு மனித உடலில் வாழ்வது ஓராண்டுதான். ஓர் ஊர் முழுவதும் ஓர் ஆண்டுக்கு ஒருவர் விடாமல் தெள்ளில்லாத நீரைக் குடித்தால், அடுத்த ஆண்டு அந்த ஊரில் நோய் இல்லை. ஒரே ஒரு தெரு விடுபட்டாலும், அந்தத் தெருவில் ஒருவருக்குப் புழு வந்தாலும், லட்சக்கணக்கான இளம்புழுக்கள் மீண்டும் நீரில் இறங்கிவிடும். வசதியுள்ளவர் தன் வீட்டில் தனியாக வடிகட்டிக்கொண்டால் அவர் தப்பிக்கலாம், நோய் ஒழியாது. ஊரின் பொதுக்கிணற்றில் தலித் மக்களை அனுமதிக்காமல் குட்டைக்கு விரட்டிய சாதி ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு இந்தப் புழுவை விரட்டவே முடியாது. மகாட் நகரின் சவுதார் குளத்தில் 1927-ல் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டிய உரிமை நீதியின் பாற்பட்டது. அதுவே பொதுச் சுகாதாரத்தின் அடிப்படை விதியும்கூட என்பதை நரம்புச் சிலந்தியின் வாழ்க்கைச் சுழற்சி மெய்ப்பிக்கிறது.

இதில் நாம் மறைக்கக் கூடாத ஒரு குறையும் உண்டு. துணியைக் கட்டியது, அலசியது, திருப்பிப் போடாமல் பார்த்துக்கொண்டது எல்லாம் வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு. ஏற்கெனவே தண்ணீர் சுமந்தவரின் தலையில் வடிகட்டும் வேலையும் ஏறியது. அரசு கிணற்றைக் கட்டத் தாமதித்த ஒவ்வொரு ஆண்டிலும் அந்தத் தாமதத்தின் சுமை அவர்கள் மீதே விழுந்தது.

மிச்சமிருக்கும் கடைசி அடி

உலக அளவில் 1986-ல் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு 13 முதல் 15 பேருக்கு மட்டுமே வந்துள்ளது; அவர்களில் பெரும்பாலோர் சாட், தெற்கு சூடான் நாட்டவர். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டில் சுகாதார ஊழியர் கிராமத்திற்குள் போக முடியாது. 1995-ல் சூடானில் இந்நோய் ஒழிப்புப் பணிக்காகவே பல மாதங்கள் போர்நிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. அமைதி இல்லாத இடத்தில் சுத்தமான தண்ணீரும் இல்லை.

மற்றொரு தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2012 முதல் சாட் நாட்டில் நாய்களிடம் இந்தப் புழு பெருமளவில் காணப்படுகிறது. அதன்பின் மனித நோயாளிகளைவிடப் பல மடங்கு அதிகமாக நாய்கள் ஆண்டுதோறும் பாதிக்கப்படுகின்றன. மனிதர் எறியும் பச்சை மீன் குடலை அவை தின்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே நாய்களைக் கட்டிவைப்பதும், மீன் குடலைப் புதைப்பதும் இப்போது திட்டத்தின் பகுதி ஆகிவிட்டன. நாய்க்கு இந்தப் புழுவைத் தொற்றவைக்க முடியும் என்பதை மூர்த்தியும் ஸ்வீட்டும் 1930களிலேயே மைசூரில் சோதனை மூலம் காட்டியிருந்தார்கள். மனிதரிடமிருந்து போய்விட்டால் புழுவுக்கு வேறு புகலிடம் இல்லை என்ற நம்பிக்கையில் இயங்கிய உலகத் திட்டத்திற்கு அந்தப் பழைய கட்டுரைகள் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். உலக ஒழிப்புக்கான இலக்கு ஆண்டு இப்போது 2030.

நாம் எடுக்கவேண்டிய பாடம்

ஒழிப்புத் திட்டம் நடந்த ஆண்டுகளில் கிராமக் குடிநீர் என்பது அரசின் செலவில் நிறைவேற வேண்டிய கடமை என்ற கருத்து குறைந்தபட்சம் ஏட்டிலாவது இருந்தது. இந்தியா நோயற்ற நாடாகச் சான்று பெற்ற இரண்டே ஆண்டுகளில், 2002-ல், வாஜ்பாய் அரசு கொண்டுவந்த ஸ்வஜல்தாரா திட்டம், கட்டுமானச் செலவில் பத்து சதவீதத்தைப் பயனாளிகளே தர வேண்டும் என்றது. குடிமகன் பயனாளியானார், பயனாளி நுகர்வோரானார். பெங்களூருவில் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது டேங்கர் விலை ஏறிய வேகத்தையும், நிர்வாகம் அதற்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்ததையும் நாம் கண்டோம். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டு, மாநகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு ஆற்று நீர் வாக்களிக்கப்பட்டது. பிரதான குழாய் வந்துவிட்ட இடத்திலும், இணைப்புக் கட்டணம் செலுத்த முடியாத வாடகைக் குடியிருப்புக்கும் பட்டா இல்லாத குடிசைக்கும் அது எட்ட வேண்டும் என்ற போராட்டம் நம்முடையது.

வீட்டுச் சுவரில் மாட்டிய சுத்திகரிப்பு இயந்திரத்தை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை; இன்றைய நிலையில் அது பலருக்குத் தவிர்க்க முடியாதது. ஆனால், அது நரம்புச் சிலந்தியை ஒழித்த துணியின் வாரிசு என்று விளம்பரங்கள் நம்மை நம்பவைக்க முயன்றால் ஏற்கக் கூடாது. அந்தத் துணி ஊரின் கடைசி வீடு வரை, காசு வாங்காமல், ஒரே பருவத்தில் கொண்டுசேர்க்கப்பட்டது. அதனோடு கிணறும் மாற்றப்பட்டது. இயந்திரமோ விலைக்கு வாங்கியவரின் குவளையை மட்டும் சுத்தப்படுத்திவிட்டு, மாசுபட்ட நீர்நிலையை அப்படியே விட்டுவைக்கிறது. வாங்கியவருக்கு ஆதாரத்தைச் சீர்செய்யக் கோரும் அவசரமும் குறைந்துவிடுகிறது.

நமது கிளைகள் வார்டுகளிலும் ஊராட்சிகளிலும் தண்ணீர்ப் பிரச்சினையை எடுக்கும்போது, ஒழிப்புத் திட்டத்தின் ஊழியர்கள் கேட்ட அதே எளிய கேள்விகளிலிருந்து தொடங்கலாம். இந்தத் தெருவில் கடைசி வீடு குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோடையில் அது எங்கே மாறுகிறது? வேலைக்குப் போன இடத்தில் இவர்கள் எதைக் குடிக்கிறார்கள்? இந்த மூன்றையும் வீடு வீடாக எழுதிக்கொண்டுபோய் மாமன்ற உறுப்பினரின் முன்போ ஊராட்சிக் கூட்டத்திலோ வைத்தால், அதைப் பொதுப் பேச்சால் மழுப்புவது எளிதல்ல. ஜோத்பூரில் கடைசிப் புழுவைக் கண்டுபிடித்ததும் இப்படிப்பட்ட வீடு வீடான கணக்கெடுப்புதான்.